ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம்

கானாடுகாத்தான் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடுகளின் முகப்பைப் படமெடுப்பவர்களுக்குத் தெருதான் பெரிய சிக்கல். வீடு நூறாண்டுப் பெருமையோடு நிற்கும். அதன் திண்ணையை ஒட்டி ஒரு குட்டியானை வண்டி சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும். தெருவின் இந்தப் பக்கம், சிமென்டில் ஊன்றிய இரும்புக் கால்களில் ஓர் அறிவிப்புப் பலகை நின்று நடுத் தூணையும் அதன் பின்னாலுள்ள சன்னலையும் மறைக்கும். வண்டிக்காரரிடம் பேசலாம். பலகையிடம் பேச முடியாது. அதைத் தவிர்த்து முன்னால் போய் நின்றால் முழு முகப்பும் படத்துக்குள் அடங்காது. பக்கத்தில் விலகி நின்றாலோ, பலகை வேறொரு தூணை மறைக்கும்.

இந்த இரண்டையும் படத்திலிருந்து நீக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. அதே இடத்தை இன்னொரு முறை படமெடுத்து, மறைந்திருந்த பகுதியை அந்த இரண்டாவது படத்திலிருந்து கொண்டுவந்து முதல் படத்தின் மேல் பொருத்துவது. கணினி ஊகித்து நிரப்பும் சுவர் வேறு, உண்மையாகவே அங்கே இருக்கும் சுவர் வேறு. ஒரு வீட்டின் தூண் வேலைப்பாட்டைக் காட்டுவதற்காகவே எடுக்கும் படத்தில், ஊகித்த தூணுக்கு இடமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இரண்டாவது படத்தை எங்கே நின்று எடுப்பது? வேலை கூடுவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான். கணினியில் என்ன மென்பொருள் வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பாருங்கள். விரல் தாவும், எதிர்ச்சுவர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இடம் மாறிப் பார்க்கும்போது கிட்டே இருப்பது அதிகமாகவும் எட்ட இருப்பது குறைவாகவும் நகர்கிறது. கேமராவுக்கும் இதே விதிதான். நமக்கு ஒரே நேரத்தில் உதவியும் இடைஞ்சலும் இந்த விதியே. பலகைக்குப் பின்னால் இருப்பதை எட்டிப்பார்க்க முடிவது இதனால். எட்டிப்பார்த்து எடுத்த படம் முதல் படத்தோடு சரியாகப் பொருந்த மறுப்பதும் இதனால்.

எவ்வளவு விலகினால் போதும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். மறைக்கும் பொருளின் அகலத்தைக் கேமராவிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, பொருளிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரத்தால் வகுத்தால், பக்கவாட்டில் விலகவேண்டிய குறைந்த அளவு கிடைக்கும். நம் தெருவில் கேமரா திண்ணைத் தூண்களிலிருந்து 12 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்புப் பலகை 80 சென்டிமீட்டர் அகலம், தூண்களுக்கு 8 மீட்டர் முன்னால் நிற்கிறது. 0.8-ஐ 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 1.2 மீட்டர். கொஞ்சம் கூட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால், முதல் படத்தில் பலகை மறைத்த தூணும் சன்னலும் இரண்டாவது படத்தில் முழுதாகத் தெரியும். பலகை முன்பு தெளிவாகத் தெரிந்த வேறோர் இடத்தின் மேல் போய் விழும். அதைப்பற்றிக் கவலையில்லை, அந்த இடம் முதல் படத்தில் பத்திரமாக இருக்கிறது.

குட்டியானைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 3.8 மீட்டர். தூண்களுக்கு ஒரு மீட்டர் முன்னால்தான் நிற்கிறது. 3.8-ஐ 12-ஆல் பெருக்கி 1-ஆல் வகுத்தால் 45 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் விலகினால் அடுத்த தெருவுக்கே போய்விடுவோம். அங்கிருந்து வீட்டின் முகப்பு ஒரு கீற்றாகத்தான் தெரியும். ஆகவே, கேமராவுக்கு அருகில் இருக்கும் ஒல்லியான பொருளை விலகி நின்று வெல்லலாம். சுவரை ஒட்டி நிற்கும் பெரிய பொருளுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வண்டியிலிருந்து தொடங்கலாம். காத்திருப்பதில் இடம் மாறும் சிக்கல் இல்லை. முக்காலியில் கேமராவை வைத்து, வண்டி நிற்கும்போது ஒரு படம், போன பிறகு ஒரு படம். இடையில் கேமராவைத் தொடக்கூடாது. வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துக் கையால் நிலைநிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை வண்டி போனதும் காட்சி இருண்டுவிட்டதாகக் கருதி, கேமரா சுவரைக் கூடுதல் வெளுப்பாக்கிவிடும். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடலாம்.

வண்டி போனபின் எடுத்த படத்தையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். பல நேரம் அதுவே போதும். ஆனால் தெரு சும்மா இருப்பதில்லை. குட்டியானை கிளம்புவதற்குள் முகப்பின் மறுமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றிருக்கும். காலை வெயில் தூண்களின் மேல் அழகாக விழுந்த நேரமும் கடந்திருக்கும். இரண்டில் எந்தப் படம் முழுமைக்கு அருகில் இருக்கிறதோ அதை அடிப்படையாக வைத்து, மற்றதிலிருந்து குறைவானதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பவரை ஏமாற்றுவது நிழல். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. கிழக்குப் பார்த்த வீடு, காலை வெயில் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கூரை விளிம்பு ஒரு மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது என்றால், அதன் நிழல் சுவரில் ஒரு மீட்டர் இறங்கியிருக்கும். இருபது நிமிடத்தில் சூரியன் ஏறக்குறைய 5 டிகிரி ஏறிவிடும், நிழலும் இன்னும் 20 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே வந்துவிடும். வண்டி மறைத்த பகுதியை மட்டும் இரண்டாவது படத்திலிருந்து எடுத்து வைத்தால், நிழல்கோடு அந்த இடத்தில் படிக்கட்டுபோல் ஒரு தட்டு இறங்கி ஏறும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் கண் அங்கே போய் நிற்கும்.

சரக்கு இறக்கும் வண்டி எப்போது போகும் என்று தெரியாவிட்டால், அன்றைக்கே மணிக்கணக்காகக் காத்திருப்பதைவிட மறுநாள் அதே மணிக்கு வருவது நல்லது. சூரியனின் பாதை ஒரு நாளில் அதிகபட்சம் 0.4 டிகிரிதான் விலகுகிறது. மறுநாள் அதே நேரத்து நிழல் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும். ஆனால் முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் குறித்து, அதன் உயரத்தையும் லென்ஸின் நிலையையும் எழுதி வைத்திருக்க வேண்டும். வானமும் அதே போல் தெளிவாக இருந்தாக வேண்டும். மேகமூட்டமான இரண்டு நாட்களும் நன்றாகப் பொருந்தும். வெயில் ஒரு நாள், மேகம் ஒரு நாள் என்றால் பொருந்தவே பொருந்தாது.

இப்போது பலகை. இங்கே ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் நகர்கிறோம். நகரும்போது பெரும்பாலானவர்கள் தங்களை அறியாமலே கேமராவை வீட்டின் நடுவை நோக்கித் திருப்பிவிடுவார்கள். திருப்பாமல், தெருவுக்கு இணையாக, அதே உயரத்தில், அதே தூரத்தில் முக்காலியைத் தூக்கி வைப்பதே முறை. கேமராவின் முதுகு வீட்டு முகப்புக்கு இணையாக இருந்தால், முகப்பின் தளத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் இரண்டாவது படத்தில் ஒரே அளவு பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். வடிவம் கொஞ்சமும் மாறாது. கணினியில் அந்தப் படத்தை இழுத்து மேலே வைத்தாலே பொருந்திவிடும். திரும்பிவிட்டால் கதவும் தூணும் சரிவகமாக உருமாறும். அதையும் நேராக்கலாம், ஆனால் வீண் வேலை.

பொருந்திவிடும் என்றது திண்ணைத் தூண்களின் வரிசைக்கு மட்டும். சன்னல் இருக்கும் உட்சுவர் அதற்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. அது வேறொரு தளம். ஒன்றரை மீட்டர் நகர்ந்தபோது தூண்கள் ஓர் அளவு நகர்ந்தன, உட்சுவர் அதைவிடக் குறைவாக நகர்ந்தது. தூண்களைப் பொருத்தி வைத்தால் சன்னல் 21 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு சாண், விலகி நிற்கும். தூணுக்கும் சன்னலுக்கும் இடையில் தெரிய வேண்டிய வெள்ளைச்சுவரின் அகலமே மாறிவிடும். பலர் இந்த இடத்தில்தான் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு பொருள்களை ஒரே அசைவில் பொருத்த எந்த மென்பொருளாலும் ஆகாது. இரண்டாவது படத்தை இரண்டு பிரதிகளாக்கி, ஒன்றைத் தூணுக்கும் மற்றொன்றைச் சன்னல் சுவருக்கும் தனித்தனியே பொருத்தி, தூணின் விளிம்பில் இரண்டையும் சந்திக்கவிட வேண்டும்.

மூன்றாவது தளம் தெருத்தரை. பலகையின் இரும்புக் கால்கள் மறைத்த மண்ணும் வேண்டுமல்லவா? வீட்டின் அடியில் தரை தூண்களோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். நம்மை நெருங்க நெருங்கக் கூடுதலாக நகர்ந்திருக்கும். ஆகவே தரைப் பகுதியை மட்டும் தனி அடுக்காக வெட்டி, வீட்டடியில் உள்ள மேல் விளிம்பு அசையாதபடி வைத்துக்கொண்டு, கீழ் விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தால் பொருந்திவிடும். மண் தெருவானால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகு யாருக்கும் தெரியாது. கற்கள் பதித்த தெருவானால் ஒவ்வொரு கோடும் காட்டிக்கொடுக்கும்.

கணினி வேலையை இலவச மென்பொருளான கிம்பில் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் படத்தைத் திறந்து, `File > Open as Layers` வழியாக இரண்டாவது படத்தை அதன் மேல் அடுக்காகக் கொண்டுவர வேண்டும். மேல் அடுக்கின் `Mode` என்ற இடத்தில் `Difference` என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரை இருண்டுவிடும். இரண்டு படங்களும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகவும், வேறுபடும் இடம் ஒளியாகவும் தெரியும் முறை இது. மேல் அடுக்கை மெல்ல நகர்த்தினால் தூண்களின் விளிம்பில் ஒளிரும் கோடுகள் ஒல்லியாகி ஒல்லியாகி மறையும். மறைந்ததும் நிறுத்தி, `Mode`-ஐ மீண்டும் `Normal` ஆக்கிவிட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் `Auto-Align Layers` இதைத் தானே செய்யும். ஆனால் எந்தத் தளத்தைப் பொருத்துவது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். பெரும்பாலும் படத்தில் அதிக விவரம் உள்ள தளத்தைப் பிடித்துக்கொள்ளும், நமக்குத் தேவையானது அதுவாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து, மேல் அடுக்கில் வலது சொடுக்கில் `Add Layer Mask`, அதில் `Black (full transparency)`. மேல் படம் முழுதும் மறைந்து முதல் படம் மட்டும் தெரியும். இனி வெள்ளைத் தூரிகையால் பலகை இருக்கும் இடத்தில் தீட்டினால், அந்த இடத்தில் மட்டும் இரண்டாவது படம் எழும்பி வரும். அதிகம் தீட்டிவிட்டால் கறுப்பால் திரும்ப மூடலாம். அழிப்பான் கொண்டு அழிப்பதைவிட இது மேல், எதுவும் நிரந்தரமாக அழிவதில்லை.

தூரிகை எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. பலகையின் விளிம்பை ஒட்டியே வெட்டினால், வெட்டு வெறும் சுண்ணாம்புச் சுவரின் நடுவே போகும். இரு படங்களின் வெளிச்சத்தில் நூலளவு வேறுபாடு இருந்தாலும் அங்கே ஒரு மங்கலான எல்லை தெரியும். ஒட்டும் கோட்டைக் காட்சியில் ஏற்கெனவே உள்ள கோடுகளின் மேல் கொண்டுபோக வேண்டும். தூணின் விளிம்பு, சன்னல் சட்டம், திண்ணையின் ஓரம், கூரை ஓட்டின் வரிசை என்று. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு கண்ணாடித் தகடும் வானத்துக்கு வேறொரு தகடும் பயன்படுத்தி ஒரே படமாக அச்சிட்டார். அக்காலத் தகட்டில் கடலுக்குச் சரியான நேரம் வெளிச்சம் காட்டினால் வானம் வெளுத்துவிடும். இரண்டையும் அவர் ஒட்டியது தொடுவானக் கோட்டில். அந்த ஒரு கோட்டில் யாரும் ஒட்டைத் தேடமாட்டார்கள்.

கோடு கிடைக்காத வெறும் சுவரில் தூரிகையின் ஓரத்தை அகலமாக, மென்மையாக வைத்து மெதுவாகக் கரைத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் இரு படங்களிலும் அதே சுவரின் அதே இடத்தின் நிற அளவைப் பார்த்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் `Curves` கொண்டு சமப்படுத்த வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் போதாது, எண்கள் ஒன்றாக வர வேண்டும்.

பலகையை நீக்கியாயிற்று, ஆனால் அதன் நிழல்? கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை வெயில் நம் முதுகுப்பக்கத்திலிருந்து வருகிறது. பலகையின் நிழல் வீட்டை நோக்கித் தெருவில் விழுந்திருக்கும். நிழல் தரைக்குச் சொந்தம். நாம் ஒன்றரை மீட்டர் விலகினாலும் அது விலகாது, இரண்டு படங்களிலும் அதே மண்ணின் மேல் இருக்கும். பொருளில்லாமல் நிழல் மட்டும் கிடக்கும் படம், திருத்தியவர் அவசரப்பட்டதற்கு முதல் சாட்சி. இதற்கு இரண்டாவது படம் உதவாது. பக்கத்து மண்ணையே எடுத்துப் பூச வேண்டும், அல்லது இரண்டு படங்களையும் மேகமூட்டமான நாளில் எடுத்திருக்க வேண்டும். வண்டிக்கும் இதே எச்சரிக்கை. அதன் நிழலோடு, வழவழப்பான சிவப்புத் திண்ணைத் தரையில் அதன் பிம்பமும் சன்னல் கண்ணாடியில் அதன் சாயலும் இருக்கும். காத்திருந்து எடுத்த படத்தில் இவையெல்லாம் போயிருக்கும் என்பதால், வண்டியின் உருவத்தை மட்டும் மூடாமல் நிழல், பிம்பம் வரை தாராளமாகத் தீட்டிவிடலாம்.

தமிழ்நாட்டுத் தெருவில் இன்னொரு சாட்சியும் உண்டு, மின்கம்பிகள். அவை தெருவின் நம் பக்கத்தில் ஓடுவதால் விலகும்போது தூண்களைவிட அதிகமாக நகர்ந்துவிடும். ஒட்டிய இடத்தில் கம்பி திடீரென்று அறுந்து நிற்கும், அல்லது ஒரே கம்பி இரண்டாகத் தெரியும். அறுந்த கம்பியை முதல் படத்தின் கம்பியையே நீட்டிச் சரிசெய்யலாம். வேலை முடிந்ததும் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். பழகிய கண் பார்க்காமல் விட்ட பிசகு, புரட்டியதும் துருத்திக்கொண்டு தெரியும்.

இனி மூன்றாவது வகைத் தடை. சுவரிலேயே எழுதிய விளம்பரம், அல்லது சுவரோடு சேர்த்து ஆணியடித்த பெயர்ப்பலகை. மேலே சொன்ன கணக்கில் பொருளுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் சுழியாகிவிடுகிறது. சுழியால் வகுக்க முடியாது. எவ்வளவு நடந்தாலும் அதன் பின்னால் எட்டிப்பார்க்க இயலாது என்பதைத்தான் கணக்கு சொல்கிறது. இங்கே இரண்டாவது படம் காலத்தில் பின்னால் போய்த்தான் கிடைக்க வேண்டும். அந்த வீட்டுக் கல்யாணப் படங்களில் தேடலாம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வாசலில் நிற்கும் படத்தில், தலைகளுக்கு மேலே விளம்பரமில்லாத பழைய சுவர் இருக்கக்கூடும்.

அது வேறு லென்ஸில், வேறு இடத்திலிருந்து, வேறு உயரத்தில் எடுத்த படம். ஆனாலும் சுவர் ஒரே தளம் என்பதால் பொருத்திவிடலாம். இரண்டு படங்களிலும் தெரியும் நான்கு புள்ளிகள் போதும். சன்னலின் நான்கு மூலைகள் என்றால் சௌகரியம். `Perspective` கருவியால் பழைய சன்னலின் மூலைகளைப் புதிய சன்னலின் மூலைகளில் இழுத்து வைத்தால் சுவர் முழுதும் கூடவே வந்து உட்காரும். புள்ளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். சிறிய சன்னல் ஒன்றின் மூலைகளை நம்பி நீண்ட சுவரைப் பொருத்தினால், மூலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகு சுவரின் கோடியில் பல மடங்காகிவிடும். சுவரிலிருந்து வெளியே நீளும் தூணோ மாடவிளக்கோ பழைய படத்திலிருந்து பொருந்தாது, அவற்றைப் புதிய படத்திலேயே விட்டுவிட வேண்டும். பழைய அச்சின் துகள்களும் மங்கலும் புதிய படத்தின் கூர்மைக்கு நடுவே ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். பழையதைக் கூர்மையாக்க முயல்வதைவிட, படம் முழுவதன் மேலும் மெல்லிய துகள்களைத் தூவி இரண்டையும் நெருக்கிவிடுவதே கைகொடுக்கும்.

இப்படிச் செய்த படத்தில் உள்ள சுவர் ஒரு காலத்தியது, தூண்கள் இன்னொரு காலத்தியவை. நூலுக்கோ கண்காட்சிக்கோ தரும்போது எந்தப் பகுதி எந்த ஆண்டுப் படத்திலிருந்து வந்தது என்பதைப் படக்குறிப்பில் எழுதியாக வேண்டும். வீட்டைப் பழுதுபார்க்க வரும் ஸ்தபதியோ கட்டடக் கலைஞரோ அந்தப் படத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

செய்திப் படத்தில் இதற்கு இடமேயில்லை. சிரியப் போரில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் சக செய்தியாளரின் வீடியோ கேமரா தெரிந்தது. புகைப்படக்காரர் நார்சிசோ கொன்ட்ரேராஸ் அதைப் பக்கத்துத் தரையால் மூடி அனுப்பினார். அது தெரியவந்ததும், 2014 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் சிரியப் படங்களுக்காகப் புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டிருந்தார். மூடிய இடம் படத்தின் ஒரு சிறு மூலை, செய்திக்குத் தொடர்பில்லாத பொருள். அதை அவர் உண்மையான இரண்டாவது படத்தைக் கொண்டு மூடியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அந்தக் கணத்தில் அங்கே கேமரா இருந்தது என்பதும் செய்தியின் பகுதிதான். செட்டிநாட்டு வீட்டின் படம் ஒரு கணத்தைப் பற்றியதல்ல, கட்டடத்தைப் பற்றியது. அதே படத்தை அந்தத் தெருவின் நெரிசலைப் பற்றிய கட்டுரைக்குக் கேட்டால், குட்டியானையும் பலகையும் மோட்டார் சைக்கிளும் இருக்கும் முதல் படத்தைத்தான் கொடுக்க வேண்டும். அதற்காகவே அடுக்குகள் கலையாத கோப்பையும், தொடாத மூலப் படங்களையும் தனியே சேமித்து வைத்திருப்பது.